சிங்கபுரத்து வினை
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கர்மா, தர்மா என்ற இரண்டு சொற்களை இன்றைய ஆங்கிலம் எப்படிப் பயன்படுத்துகிறது, அவை பிறந்த இடத்தில் அவற்றுக்கு என்ன பொருள் இருந்தது என்பதைப் பேச எடுத்துக்கொண்டேன். சொல் மாறினால் மாறட்டும், எந்த மொழிக்கும் அது இயல்புதான். தமிழில் நாமே 'கருமம்' என்பதைச் சலிப்பு வார்த்தையாக்கிவிட்டோம். 'கருமாதி' என்று இறந்தவர் சடங்குக்கு ஒதுக்கிவிட்டோம். 'தருமம்' என்றால் கோயில் வாசலில் போடும் காசு என்று சுருக்கிவிட்டோம். ஆகவே ஆங்கிலம் பேசுவோரின் மேல் வழக்குத் தொடுக்க நான் வரவில்லை. ஆனால் ஒரு சொல் மாறும்போது அதற்குள் இருந்த ஒரு பொறுப்பு காணாமல் போனால், அது யாருடைய பொறுப்பு, அது போனதால் யாருக்கு இழப்பு என்று கேட்டாக வேண்டும். எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியம்.

சிங்கப்பூரில் ஆங்கிலத்தில் 'கர்மா' என்ற சொல் எங்கே வருகிறது என்று கவனியுங்கள். தடம் மாறிக் குறுக்கே புகுந்த வாகனம் அடுத்த முனையில் இடித்துக்கொள்கிறது. காரில் பொருத்திய கேமரா அதைப் பிடித்துவிடுகிறது. அந்தக் காட்சியின் கீழே 'உடனடி கர்மா' என்று எழுதுகிறார்கள். அலுவலகத்தில் கீழே இருப்பவர்களை மிரட்டிய மேலாளருக்கு வேலை போகிறது, 'கர்மா' என்கிறார்கள். இந்தப் பேச்சில் மூன்று தன்மைகள் எப்போதும் இருக்கும். சொல் பெரும்பாலும் அடுத்தவரைப் பற்றியதாகவே இருக்கும். அவருக்கு வந்த கேட்டைக் கண்ட பிறகு சொல்லப்படும். சொல்பவருக்கு அதில் ஒரு நிறைவும் இருக்கும். 'எனக்கு இது என் கர்மா' என்று தன் வயிற்றுவலியைப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்பவர் அரிது. நம் பாட்டிமார் சொன்னதோ பெரும்பாலும் அதுதான்: 'நான் எந்த ஜென்மத்தில் என்ன செய்தேனோ.' ஒரே சொல் தன்னைப் பார்ப்பதிலிருந்து பிறரைப் பார்ப்பதற்குத் திரும்பியிருக்கிறது. எல்லா வித்தியாசமும் இந்தத் திருப்பத்திலிருந்தே கிளைக்கிறது.

இந்தத் திருப்பம் எப்படி வந்தது? மேற்கிலிருந்து வந்த வழி ஓரளவு தெளிவானது. 1875இல் நியூயார்க்கில் தொடங்கிய பிரம்மஞான சபை, 1882இல் சென்னை அடையாற்றுக்குத் தலைமையகத்தை மாற்றியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார் 1889இல் வெளியிட்ட தம் கேள்வி-பதில் நூலில் கர்மத்தை இயற்கையின் ஈடுகட்டும் சட்டமாக விளக்கினார். நியூட்டனின் விதிகளைப் பள்ளியில் படித்த வாசகருக்கு அது எளிதில் புரிந்தது: ஒவ்வொரு செயலுக்கும் ஓர் எதிர்ச்செயல். பிறவிகளைக் கடந்து நீளும் காலம் அந்த விளக்கத்தில் இன்னும் இருந்தது. அதையும் அடுத்த நூற்றாண்டு அறுத்துவிட்டது. 1970 ஜனவரி 27 அன்று ஜான் லென்னன் ஒரு பாடலை எழுதி, அன்றைக்கே ஒலிப்பதிவும் செய்து, பத்து நாளைக்குள் இசைத்தட்டாகக் கடைக்கு அனுப்பினார். 'உடனடி கர்மா' என்ற தொடரை உலகம் முழுக்கக் கொண்டுசேர்த்தது அந்தப் பாடல்தான். காப்பிப் பொடியைப் போல வினைப்பயனும் உடனே கரையும் ஒன்றாயிற்று.

ஆனால் சிங்கப்பூர் ஆங்கிலத்தின் 'கர்மா' முழுக்க மேற்கிலிருந்து வந்ததன்று. பாசிர் பாஞ்சாங் சாலையில் ஹாவ் பார் வில்லா இருக்கிறது. புலித்தைலத்தால் செல்வரான ஆவ் பூன் ஹாவ் 1937இல் எழுப்பிய தோட்டம். நம்மில் பலர் சிறுவயதில் அங்கே போய், நரகத்தின் பத்து மன்றங்களைச் சிற்பங்களாகப் பார்த்து இரவெல்லாம் தூங்காமல் கிடந்திருப்போம். முதல் மன்றத்தில் இறந்தவரின் நன்மை தீமைகள் எடைபோடப்படுகின்றன. அடுத்தடுத்த மன்றங்களில் குற்றத்துக்கு ஏற்ற வதை. பத்தாவதில் மறதித் தேநீரைக் குடித்துவிட்டு மறுபிறவிக்குப் போகவேண்டும். அங்கே அரசனாக அமர்ந்திருக்கும் யென்லுவோ வேறு யாருமில்லை, நம் யமராஜன்தான். புத்த சமயத்தோடு சீனத்துக்குப் போய் அங்கே நீதிபதியாகி, அங்கிருந்து கடல்வழி இங்கே வந்தவர். சீன நண்பர்கள் 'பாவ்யிங்' என்று சொல்லும் பழிமீள்தலைத்தான் ஆங்கிலத்தில் பேசும்போது 'கர்மா' என்று பெயர்க்கிறார்கள். ஆகவே இந்த ஊரின் 'கர்மா'வில் நியூயார்க்கும் உண்டு, பாசிர் பாஞ்சாங்கும் உண்டு.

இதில் நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். தண்டிக்கும் நீதிபதி என்ற எண்ணமே இந்தியாவுக்கு அந்நியம் என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. யமனும் சித்திரகுப்தனும் நம் புராணங்களில் வேலைபார்ப்பவர்கள்தான். சமணர் வினையை உயிரின்மேல் வந்து ஒட்டும் நுண்ணிய பொருளாகவே கருதினார்கள். அங்கே நீதிபதிக்கு இடமே இல்லை. புத்தர் எண்ணத்தைத்தான் வினை என்றார். தெரியாமல் மிதிபட்ட எறும்பும், வேண்டுமென்றே நசுக்கப்பட்ட எறும்பும் அவர் கணக்கில் வெவ்வேறு. சைவ சித்தாந்தமோ வினை அறிவற்றது, சடம், அது தானாகச் செய்தவனைத் தேடிவராது, இறைவன்தான் அதைக் கூட்டுவிக்கவேண்டும் என்று வாதிடுகிறது. அதே சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது: சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், இப்பிறவியில் நுகர வந்திருப்பது பிராரத்தம், நுகரும்போதே புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். ஒரே கோட்பாட்டுக்கு இத்தனை உருவம். ஆனால் எல்லாருக்கும் பொதுவாக ஓர் அடித்தளம் உண்டு. கர்மம் என்பது முதலில் செயல். பயன் பிறகு வருவது. 'செய்' என்ற பொருளுடைய சமஸ்கிருத வேரிலிருந்து வந்த சொல் அது. வேத காலத்தில் வேள்விச் செயலையே குறித்தது. இன்றைய ஆங்கிலத்திலோ செயல் சொல்லிலிருந்து வெளியேறிவிட்டது. பயன் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதுவும் கெட்ட பயன்.

இந்தக் கோட்பாடு எழுத்தில் தலைகாட்டும் மிகப் பழைய இடங்களுள் ஒன்று பிருகதாரணியக உபநிடதம். ஜனகனின் அவையில் யாக்ஞவல்கியரைப் பலரும் கேள்வி கேட்கிறார்கள். ஆர்த்தபாகன் என்பவர் கேட்கிறார்: ஒருவன் இறந்தால் அவன் பேச்சு நெருப்பிலும், மூச்சு காற்றிலும், பார்வை சூரியனிலும் கலந்துவிடுகிறதே, அப்போது அந்த மனிதன் எங்கே இருக்கிறான்? யாக்ஞவல்கியர் பதிலை அவையில் சொல்லவில்லை. ஆர்த்தபாகனின் கையைப் பிடித்துக்கொண்டு, இதைக் கூட்டத்தில் பேச முடியாது, நாம் இருவர் மட்டும் அறிவோம் என்று வெளியே அழைத்துப் போகிறார். அவர்கள் தனியே பேசியது கர்மத்தைப் பற்றி என்று நூல் நமக்குத் தெரிவிக்கிறது. ஒரு மனிதன் தன் சாவுக்குப் பின் என்ன ஆவான் என்று கேட்டபோது கிடைத்த விடை அது. இன்னொருவர் ஏன் விழுந்தார் என்பதற்கு விளக்கமாக அது சொல்லப்படவில்லை. சொன்ன இடமும் முறையும்கூடக் கவனத்துக்குரியவை: கூட்டம் பார்க்கக் கைதட்டிச் சொல்லவில்லை, கைபிடித்துத் தனியே சொன்னார்.

இனி இந்த இரண்டு சொற்களும் ஒரே கதைக்குள் எப்படி வேலை செய்கின்றன என்று விரிவாகப் பார்க்க ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்கிறேன். சமஸ்கிருதச் சொற்களுக்குத் தமிழ்க் காப்பியமா என்று கேட்கலாம். கர்மத்தை வினை, ஊழ் என்றும் தர்மத்தை அறம் என்றும் பெயர்த்து, இரண்டையும் மோதவிட்டுப் பார்த்த நூல் சிலப்பதிகாரத்தைப் போல வேறொன்று எனக்குத் தெரியவில்லை. அந்த வினை தொடங்கிய ஊரின் பெயர் சிங்கபுரம் என்பது சிங்கப்பூரில் பேசுகிற எனக்குக் கிடைத்த ஒரு பேறு.

அவசரப்பட வேண்டாம். அந்தச் சிங்கபுரம் நம் தீவு இல்லை. அது கலிங்க நாட்டுச் சிங்கபுரம். இலங்கையின் மகாவம்சத்தில் விசயனின் தந்தை ஆண்ட ஊரும் சிங்கபுரம்தான். இன்றைய வியட்நாமில் சம்பா அரசர்கள் இருந்த திராகியூவுக்கும் பழைய பெயர் அதுதான். மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயு சொல்லும் சாங் நீல உத்தமன் இந்தத் தீவுக்கு அந்தப் பெயரை இட்டபோது, ஏற்கெனவே பல கரைகளில் வழங்கிய ஒரு பெயரையே இட்டிருக்கிறான்.

கதைக்கு வருவோம். கோவலன் மனைவியின் காற்சிலம்பை விற்க மதுரைக் கடைத்தெருவுக்குப் போகிறான். அரசியின் சிலம்பைத் திருடி மறைத்திருந்த பொற்கொல்லன் அவனைக் காட்டிக் கொடுக்கிறான். ஊடல் கொண்டுபோன அரசியைத் தேடிச் செல்லும் வழியில் பாண்டியன் விசாரிக்காமல் ஆணையிடுகிறான்; கோவலன் வெட்டுண்டு விழுகிறான். கண்ணகி அவைக்கு வந்து தன் சிலம்பை உடைக்கிறாள். அரசி சிலம்பில் இருப்பது முத்து. இதில் தெறித்தது மாணிக்கம். பாண்டியன் தன்னையே கள்வன் என்று சொல்லிக்கொண்டு அரியணையிலிருந்து விழுந்து உயிர் விடுகிறான். மதுரை எரிகிறது. இதுவரை எல்லாருக்கும் தெரிந்த கதை.

அதற்குப் பிறகுதான் மதுராபதித் தெய்வம் கண்ணகியின் பின்னால் வந்து நின்று ஒரு முற்பிறவிக் கதையைச் சொல்கிறது. கலிங்கத்தில் சிங்கபுரத்து வசுவும் கபிலபுரத்துக் குமரனும் பகைகொண்டிருந்த காலம். சங்கமன் என்ற வணிகன் தன் மனைவி நீலியோடு சிங்கபுரத்துக்கு வந்து கடைத்தெருவில் அணிகலன் விற்கிறான். அரசனிடம் பணிபுரிந்த பரதன் அவனைப் பகைவரின் ஒற்றன் என்று பிடித்துக் கொடுக்கிறான். அரசன் அவனைக் கொல்விக்கிறான். நீலி பதினான்கு நாள் தெருவெல்லாம் அழுது திரிந்து, கடைசியில் ஒரு மலைமேல் ஏறி, எமக்கு இத்துயரம் செய்தவர் இதையே அடைக என்று சாபமிட்டுக் குதிக்கிறாள். அந்தப் பரதன்தான் கோவலன் என்கிறது தெய்வம். கண்ணகியும் பதினான்கு நாள் கழித்துத்தான் கணவனைக் காண்பாள் என்றும் சொல்கிறது.

செயலும் பயனும் எவ்வளவு துல்லியமாகப் பொருந்துகின்றன பாருங்கள். வேற்றூரில் நகை விற்கப் போன வணிகன், பொய்க் குற்றச்சாட்டு, விசாரிக்காத அரசன், தவிக்கும் மனைவி, பதினான்கு நாள். 'உடனடி கர்மா' என்று எழுதுகிறவருக்கு இது மிகவும் பிடித்திருக்க வேண்டும். ஆனால் காப்பியத்தில் யாரும் அந்தச் சொல்லை அவர் சொல்லும் தொனியில் சொல்லவில்லை. கோவலன் வீழ்ந்தபோது அவனுக்கு வேண்டியதுதான் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல முடியாது, ஏனென்றால் முற்பிறவியை யாருமே அறியார், கோவலனே அறியான். விளக்கம் வருவதற்குள் அரசன் இறந்தாகிவிட்டது, நகரம் எரிந்துகொண்டிருக்கிறது. விளக்கம் கேட்பவளும் பாதிக்கப்பட்டவள்தான். அதைச் சொல்லித் தப்பிக்கும் வாய்ப்பு குற்றம் செய்தவனுக்குத் தரப்படவில்லை. எனக்கு இதைவிட முக்கியமான செய்தி இந்தக் காப்பியத்தில் கிடையாது.

ஒரு கணம் மாற்றி எண்ணிப் பாருங்கள். கண்ணகி அவைக்கு வந்தபோது பாண்டியன், 'அம்மா, இது உன் கணவனின் பழவினை, நான் வெறும் கருவி' என்று சொல்லியிருந்தால்? சிங்கபுரத்துக் கதையின்படி அது பொய்கூட இல்லை. தெய்வமும் பின்னால் பாண்டியர் குலத்தின் நீதியைப் புகழ்ந்து, கதவு தட்டிய பிழைக்காகத் தன் கையையே வெட்டிக்கொண்ட பொற்கைப் பாண்டியனை நினைவூட்டித்தான் ஊழைப் பேசுகிறது. ஆனாலும் அந்த வாதம் பாண்டியன் வாயில் வரவில்லை. கோவலனின் சாவு கோவலனின் வினைக் கணக்கில் ஒரு வரவாக இருக்கலாம். அதே சாவு பாண்டியனின் அறக் கணக்கில் குற்றமாகவே பதிவாகிறது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை அடிக்க முடியாது. வினை, ஒருவனுக்கு ஏன் இது நேர்ந்தது என்பதை விளக்கப் பார்க்கிறது. அறம், இப்போது உன் கையில் இருக்கும் இந்தச் செயலை நீ எப்படிச் செய்கிறாய் என்று கேட்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் 'கர்மா' இந்த இரண்டாவது கேள்வியை மூடிவிடுகிறது. விழுந்தவருக்கு அது தகும் என்றால், தள்ளியவரை யாரும் தேடமாட்டார்கள்.

திருவள்ளுவரும் இந்த இரு கணக்கையும் கலக்கவில்லை. ஊழ் அதிகாரத்தில் அதன் வலிமையை ஒப்புக்கொண்டவர், ஆள்வினையுடைமை அதிகாரத்தில் தளராமல் முயல்பவர் ஊழையே புறங்காண்பர் என்கிறார். இரண்டும் முரண் என்று மேடைகளில் சண்டையிட்டிருக்கிறோம். நடந்துமுடிந்ததைப் பார்க்கும்போது ஒரு பேச்சும், செய்யப் போவதைப் பார்க்கும்போது வேறு பேச்சும் வேண்டும் என்பதே அவர் நிலை என்று நான் படிக்கிறேன்.

இது ஏட்டுப் பிரச்சினை இல்லை. தேக்காவில் ஞாயிறு மாலையில் கூடும் நம் ஊர்த் தம்பிகளில் கட்டுமானத் தளங்களில் வேலைபார்ப்பவர் பலர். சாரத்திலிருந்து ஒருவர் விழுந்துவிட்டால், 'அவன் விதி, அவன் கர்மா' என்று ஆறுதலாகச் சொல்பவர்கள் நம்மிலும் உண்டு. அன்போடுதான் சொல்கிறார்கள். அந்தத் தம்பியே தன் மனத்தை ஆற்றிக்கொள்ள அதைச் சொல்லிக்கொண்டால் நான் குறுக்கிடமாட்டேன். ஆனால் சாரத்தைக் கட்டியவரும், பாதுகாப்பு வார் கொடுக்கவேண்டியவரும், வேலையை அவசரப்படுத்தியவரும் அதைச் சொல்ல அவர்களுக்கு உரிமையில்லை. அவர்கள் பாண்டியன் இடத்தில் நிற்கிறார்கள்.

இனி 'தர்மா'. ஆங்கிலத்தில் இது கர்மாவைவிட மென்மையாகத் திரிந்திருக்கிறது, ஆகவே திரிபு கண்ணுக்கு அவ்வளவு எளிதில் படுவதில்லை. யோகா வகுப்புகளிலும் சுயமுன்னேற்றப் புத்தகங்களிலும் 'உன் தர்மாவைக் கண்டுபிடி' என்கிறார்கள். உனக்கு எது பிடிக்கும், எதைச் செய்தால் மனம் நிறையும், அந்தத் தொழிலே உன் தர்மா. வங்கி வேலையை விட்டுவிட்டு ரொட்டிக் கடை வைத்தவர் தம் தர்மாவை அடைந்துவிட்டார். இதற்கு ஆதாரமாகக் காட்டுவது பெரும்பாலும் கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் சுவதர்மத்தைப் பற்றி வரும் இடம்.

அந்த இடத்தில் என்னதான் நடக்கிறது? அர்ச்சுனனுக்குப் போர் பிடிக்கவில்லை. பிச்சையெடுத்தாவது வாழ்வேன் என்று வில்லைக் கீழே போட்டவன் அவன். இன்றைய புத்தகங்களின்படி பார்த்தால் போரை விட்டுப் போவதுதான் அவன் தர்மாவாக இருந்திருக்கும். கண்ணன் சொல்வதோ நேர்மாறு: நீ பிறந்த குலத்துக்கு உரிய கடன் இது, உன் விருப்பம் கேட்கப்படவில்லை. சுவதர்மம் என்பதில் உள்ள 'தன்' என்பது மனத்துக்குப் பிடித்தது என்ற பொருளில் இல்லை. வருணத்தாலும் ஆசிரமத்தாலும் ஒருவன்மேல் வந்து விழுவது. தர்மசாத்திர நூல்கள் இதை வருணாசிரம தர்மம் என்றே விரித்தன. யார் படிக்கலாம், யார் கூடாது, யாருக்கு என்ன தண்டனை என்பதெல்லாம் அதற்குள் அடங்கும். நம் முன்னோரில் பலர் அந்தத் தர்மத்தின் கீழ் நசுங்கியவர்கள். ஆங்கிலத்தின் இனிமையான 'தர்மா' அந்தக் காயத்தின்மேல் மலர் தூவி மூடிவிடுகிறது. அது எனக்கு உடன்பாடில்லை. ஒரு சொல்லின் மேன்மையை எடுத்துக்கொள்பவர் அதன் இருட்டையும் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். அசோகர் தம் கல்வெட்டுகளில் அதே சொல்லை எல்லா உயிரிடமும் இரக்கம், பெற்றோரிடம் பணிவு, பிற சமயத்தாரிடம் மதிப்பு என்று விரித்ததும் உண்மை. கந்தகாரில் 1958இல் கிடைத்த அவருடைய இருமொழிக் கல்வெட்டில் கிரேக்கர் அதை இறைப்பற்று என்ற பொருள்படும் சொல்லால் பெயர்த்தார்கள். இத்தனை அகலமான சொல்லைத் தனி மனிதரின் தொழில் விருப்பம் என்று குறுக்குவது பெரிய இழப்பு.

அகலம் என்பதே ஒருமுறை பெரும் இழப்பாகவும் முடிந்திருக்கிறது. அறக்கட்டளை மேடையில் நின்று அதைச் சொல்லாமல் போக முடியாது.

பம்பாய் வணிகர் ஒருவர் தம் உயிலில், எஞ்சிய சொத்தெல்லாம் 'தரம்' என்பதற்குப் போகட்டும் என்று எழுதினார். தர்மம் என்பதன் வழக்கு வடிவம் அது. ரஞ்சோர்தாஸ் வந்திராவன்தாஸ் எதிர் பார்வதிபாய் என்ற அந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1899இல் தீர்ப்பானது. நீதிபதிகள் வில்சனின் அகராதியைத் திறந்தார்கள். சட்டம், நற்பண்பு, சட்டக் கடமை, ஒழுக்கக் கடமை என்று அதில் பொருள் இருந்தது. இதில் எதை நீதிமன்றம் நிறைவேற்றும்? நிச்சயமின்மையால் அந்தக் கொடை செல்லாது என்றார்கள். தர்மத்துக்கென்று எழுதிய சொத்து வாரிசுகளுக்குப் போயிற்று.

அவர்கள் தர்க்கம் ஆங்கிலச் சட்டத்துக்குள் பிழையற்றது. ஆங்கிலச் சட்டத்தில் ஒருவர் 'அறச்செயல்களுக்கு' என்று மட்டும் எழுதினாலும் கொடை நிற்கும். அந்தச் சொல்லுக்கு ஏழ்மை நீக்கம், கல்வி, சமயம், பொதுநன்மை என்று நீதிமன்றம் எல்லை வகுத்து வைத்திருக்கிறது. அந்த எல்லைக்கு வெளியே ஓர் அங்குலம் போகும் சொல் வந்தாலும் முழுக் கொடையும் விழுந்துவிடும்; 1805இல் டர்ஹாம் ஆயர் தொடர்பான வழக்கிலிருந்து இது நிலைத்த விதி. தர்மம் அந்த எல்லைக்கு வெளியே வெகுதூரம் போகும் சொல். அகராதியில் தேடியதுதான் பிழை. அந்த உயிலை எழுதியவர் வாழ்ந்த சமூகத்தில் கேட்டிருக்க வேண்டும்.

அப்படிக் கேட்டவர் மெட்ராஸ் உயர் நீதிமன்ற நீதிபதி எஸ். சுப்பிரமணிய ஐயர். 1907இல் பார்த்தசாரதிப் பிள்ளை எதிர் திருவேங்கடப் பிள்ளை வழக்கில், கொடை தொடர்பாக ஓர் இந்து தர்மம் என்று சொன்னால் அதற்குத் தெளிவான பொருள் உண்டு என்று அவர் எடுத்துக்காட்டினார். இஷ்டம், பூர்த்தம் என்ற இரண்டுமே அந்தப் பொருள். வேள்வியும் அதைச் சார்ந்த தானமும் இஷ்டம். குளம் வெட்டுதல், கிணறு தோண்டுதல், சத்திரம், கோயில், தோப்பு, அன்னதானம் ஆகியவை பூர்த்தம். சிற்றூரில் யாரைக் கேட்டாலும் இந்தப் பட்டியலைத்தான் சொல்லியிருப்பார். சுப்பிரமணிய ஐயர் பின்னாளில் பிரம்மஞான சபையின் துணைத் தலைவராகவும் இருந்தார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். மேற்குக்குக் கர்மத்தைப் பழக்கிய சபையில் இருந்தவரே தர்மத்தை மேற்கின் அகராதியிலிருந்து மீட்கவும் முயன்றார். பம்பாய் மாநிலத்தில் 1950இல் வந்த பொது அறக்கட்டளைச் சட்டம், தர்மம் என்று எழுதப்பட்ட பொது அறக்கட்டளை நோக்கம் நிச்சயமில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் செல்லாததாகாது என்று வெளிப்படையாக எழுதிவைத்தது. ஐம்பது ஆண்டுக்குப் பிறகு.

இது இந்தியக் கதை மட்டுமில்லை. பிரிவி கவுன்சிலின் அந்தத் தீர்ப்புக்கு முப்பது ஆண்டுக்கு முன்பே, 1869இல், நீரிணைக் குடியேற்ற நாடுகளின் தலைமை நீதிபதி பென்சன் மேக்ஸ்வெல், சோ சூன் நியோ எதிர் ஸ்பாட்டிஸ்வுட் வழக்கில் சீனர் ஒருவர் தம் முன்னோர் வழிபாட்டுக்கு எழுதிய 'சின்சூ' கட்டளையைச் செல்லாது என்றார். இறந்தவருக்குச் செய்யும் கடன் அறச்செயலாக ஆங்கிலச் சட்டத்துக்குத் தெரியவில்லை. தர்மத்தையும் சின்சூவையும் தடுத்து நிறுத்தியது ஒரே சுவர்தான். சிங்கப்பூரிலிருந்து பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு போவது 1994இல் நின்றுவிட்டது. ஆனால் அறக்கட்டளை பற்றிய அந்த ஆங்கிலச் சட்ட மரபு இங்கே இன்றும் அடித்தளமாக இருக்கிறது.

இதில் எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. தர்மத்தின் பொருளைத் தேடிய லண்டன் நீதிபதிகளுக்கு விடை எட்டாத தூரத்தில் இருக்கவில்லை. இந்த நீரிணைக் கரையில் எந்த மலாய்க்காரரைக் கேட்டிருந்தாலும் 'டெர்மா' என்றால் என்ன என்று உடனே சொல்லியிருப்பார்: ஏழைக்கோ பொதுநன்மைக்கோ மனமுவந்து கொடுப்பது. இரத்த தானத்துக்கு இன்றும் மலாயில் 'டெர்மா டாரா' என்றுதான் பெயர், கொடைவள்ளல் 'டெர்மாவான்'. சமஸ்கிருத தர்மம் மலாயில் கொடை என்ற ஒரு கிளையை மட்டும் பிடித்துக்கொண்டு பல நூற்றாண்டாகத் தெளிவாக வாழ்கிறது. தமிழில் தருமமும் அதே கிளையில்தான் நிற்கிறது. கோயிலை நிர்வகிப்பவரைத் தர்மகர்த்தா என்று அழைக்கிறோமே, அவர் கொடைகளைக் காப்பவர். கொடை வழங்கும் இடத்தில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதில் இந்தக் கரையில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை, நீதிமன்றத்துக்கு மட்டுமே இருந்தது.

ஆகவே இங்கே வந்திருக்கும் மூத்தோருக்கு நடைமுறையாக ஒன்று. உயில் எழுதும்போது 'மீதியைத் தருமத்துக்குக் கொடுக்கவும்' என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். உங்கள் மனத்தில் அது முழுமையான சொல்தான், ஆனால் சட்டத்தின் முன் அது செல்லும் என்று எண்ண முடியாது. எந்தக் கோயிலின் அன்னதானத்துக்கு, எந்தப் பள்ளியின் எந்த மாணவருக்கு, எந்த மருத்துவ உதவிக்கு என்று பெயரிட்டு எழுதுங்கள். அந்த நிறுவனம் பின்னால் இல்லாமல் போனால் யாருக்குப் போகவேண்டும் என்றும் சேர்த்து எழுதுங்கள். எழுதியதை அறக்கட்டளைச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.